விளக்கு அணைந்தால் போதுமா? பழைய கார் வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒரு வேண்டுகோள்



போன மாதம் பைபாஸில் நின்றிருந்த லாரியின் பின்னால் ஒரு கார் நேராகப் போய் மோதியதை எல்லோரும் அறிவீர்கள். ஓட்டி வந்தவர் சீட் பெல்ட் போட்டிருந்தார். அப்படியும் ஸ்டீயரிங்கில் மார்பு அடித்து விலா எலும்புகள் உடைந்தன. அந்தக் காரை அவர் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று வீட்டார் கேட்டதற்கு, "எல்லா இடிக்கும் ஏர்பேக் விரியாதுங்க" என்று விற்றவர் பதில் சொல்லியிருக்கிறார்.

பாதி உண்மைதான். லேசான இடிக்கும், பின்னால் வாங்கும் இடிக்கும் முன் ஏர்பேக் விரியாது. ஆனால் எங்கள் குழுவில் உள்ள மெக்கானிக்குகள், வீட்டாரை அருகில் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங் நடுவில் உள்ள மூடியைக் கழற்றியபோது பேச்சுக்கே இடமில்லாமல் போனது. உள்ளே ஏர்பேக் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்துக்கு வரும் மஞ்சள் கனெக்டரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். கடையில் பத்து ரூபாய்கூடப் பெறாது அது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் பகுதிக்குச் சுமார் 2 ஓம் அளவு மின்தடை உண்டு. சாவியைத் திருப்பும்போதெல்லாம் காரின் ஏர்பேக் கம்ப்யூட்டர் அந்தத் தடையைத்தான் அளந்து பார்க்கிறது. தடை சரியாக இருந்தால் ஏர்பேக் இருக்கிறது என்று நம்பி, மீட்டரில் உள்ள எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடும். அதே அளவு ரெசிஸ்டரைச் செருகிவிட்டால் கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். விளக்கு அணையும், ஸ்கேனர் போட்டாலும் "ஃபால்ட் இல்லை" என்றுதான் வரும். பழைய விபத்தின் பதிவு அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கும். அதையும் அழித்துத் தர ஆள் இருக்கிறார்கள். ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டி "வண்டி சுத்தம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இதைவிட மட்டமான வேலையும் உண்டு. விளக்கையே பிடுங்கிவிடுவார்கள், அல்லது அதன் ஒயரை ஆயில் விளக்கோடோ பேட்டரி விளக்கோடோ சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். ஆயில், பேட்டரி விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றாலோ, இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு மற்றவற்றோடு சேர்ந்து அணைந்தாலோ, அந்த வண்டியை விட்டு இறங்கிவிடலாம். விற்பவர் எப்போதும் சட்டென்று ஸ்டார்ட் செய்துதான் காட்டுவார். சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்கை ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் சீட் பெல்ட்டை மறந்துவிடுகிறார்கள். பலமான மோதலில் ஏர்பேக்கோடு சேர்ந்து பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பிரிடென்ஷனரும் வெடிக்கும். அது ஒருமுறைதான் வேலை செய்யும். பிறகு மாற்றியே ஆக வேண்டும். நாங்கள் பார்த்த காரில் டிரைவர் பக்கத்து பக்கிள், பக்கத்து சீட் பக்கிளைவிட நான்கு விரல் தாழ்ந்து கிடந்தது. அதன் கழுத்திலிருந்த ரப்பர் உறை மடிந்து நசுங்கியிருந்தது. சில கார்களில் பெல்ட் சுருளும் இடத்திலேயே பிரிடென்ஷனர் இருக்கும். அவற்றில் வெடித்த பெல்ட் சரியாகச் சுருளாமல் தொங்கும், அல்லது வெளியே வராது. பெல்ட்டை முழுதாக இழுத்து அடியில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். 2019 காரில் 2023 தேதியிட்ட பெல்ட் இருந்தால் அது மாற்றப்பட்டது. அது குற்றமில்லை, நல்லதுகூட. ஆனால் ஏன் மாற்றினார்கள் என்ற கேள்விக்கு விற்பவர் பில்லோடு பதில் சொல்ல வேண்டும்.

முன்சீட் பயணியின் ஏர்பேக் டேஷ்போர்டைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். புது டேஷ்போர்டு விலை அதிகம் என்பதால் பசை, புட்டி வைத்து ஒட்டிப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வெயிலில் நிறுத்தி, விரலால் தடவிப் பாருங்கள். புள்ளி வேலைப்பாடு ஓரிடத்தில் மழுங்கியிருக்கும், நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். ஒட்டிய இடம் நேரத்துக்குப் பிளக்காது. பிளந்தாலும் துண்டாகி முகத்தில் தெறிக்கும்.

அடுத்தது பேப்பர். "ஒரே ஓனர், ஆக்ஸிடென்ட் இல்லாத வண்டி" என்று சொல்லித்தான் இந்தக் காரை விற்றிருக்கிறார்கள். கார் 2019-ல் வாங்கியது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாத ஓனருக்கு இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருக்க வேண்டும். இவர்கள் கொடுத்த பாலிசியில் 20 சதவீதம்தான் இருந்தது. ஒரு வருடம்தான் கிளெய்ம் இல்லாமல் ஓடியிருக்கிறது, அதற்கு முன் பெரும்பாலும் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். போனஸ் ஓனருக்குரியது, காருக்கு அல்ல. ஓனர் மாறியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பழைய வேலைகளின் பட்டியலைக் கேளுங்கள். வெளியே டிங்கரிங் செய்த வண்டி அதில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்டீயரிங் மூடியைக் கழற்றி, உள்ளே ஏர்பேக் இருக்கிறதா, அதன் பின்பக்கத்து லேபிளில் கம்பெனி பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே கழற்ற வேண்டாம். பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்காமல் கைவைத்தாலோ, சாதாரண மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தாலோ ஏர்பேக் முகத்திலேயே வெடிக்கலாம். 2019 ஜூலைக்கு முந்தைய அடிப்படை மாடல்கள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது; அது ஏமாற்று அல்ல, வேரியன்ட்டைச் சரிபாருங்கள்.

லேபிள் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: 2024-ல் டெல்லி போலீஸ் ஒரே சோதனையில் 16 கம்பெனிகளின் பெயரில் 921 போலி ஏர்பேக்குகளைப் பிடித்தது. அதே ஆண்டு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. முன்பே அடிபட்ட கார்களில் மலிவான மாற்று இன்ஃப்ளேட்டர் பொருத்தியதால், ஒன்பது மாதங்களில் 3 பேர் இறந்தார்கள், 2 பேர் படுகாயமடைந்தார்கள் என்றது. காற்றடைப்பதற்குப் பதில் அது வெடித்து உலோகத் துண்டுகளை மார்பிலும் கழுத்திலும் பாய்ச்சியிருக்கிறது.

ஆர்.டி.ஓ. பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் 29, 30-ஆம் படிவங்களில் ஏர்பேக் பற்றிய கேள்வியே இல்லை. அதனால் விற்பனை ஒப்பந்தத்தில் "ஏர்பேக் விரிந்ததில்லை" என்றோ, "விரிந்து, கம்பெனி பார்ட் போட்டு மாற்றப்பட்டது, பில் இணைப்பு" என்றோ எழுதி வாங்குங்கள். பில்லோடு முறையாக மாற்றிய காரை வாங்கத் தயங்கவே வேண்டாம். எழுதித் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பட்டறைக்காரர்களுக்கும் புரோக்கர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரெசிஸ்டர் செருகியவர் யார் என்று இந்த ஊரில் சிலருக்குத் தெரியும். அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள். அடுத்த கார் உங்கள் மச்சானுக்கே விற்கப்படலாம். அடிபட்டவரின் குடும்பம் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறது. கழற்றிய ரெசிஸ்டரை, எடுத்த வீடியோவோடு போலீஸிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

வரும் ஞாயிறு திடலில் பழைய கார் மேளா நடக்கிறது. எங்கள் மெக்கானிக்குகள் நான்கு பேர் காலை ஒன்பது மணி முதல் வாசலில் இருப்பார்கள். விளக்கு, பெல்ட், டேஷ்போர்டு மூன்றையும் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். மேளா நடத்துகிறவர்கள் அவர்களை உள்ளே விட வேண்டும். விடாவிட்டால், எந்தக் காரைப் பார்க்க விடவில்லை என்பதை அதன் பதிவெண்ணோடு திடலுக்கு வெளியே பலகையில் எழுதி வைப்போம்.