சப்டைட்டில் இருந்தால் போதுமா?

புனேவில் வளரும் நம்ம பிள்ளைகளுக்குப் பேச்சு ஹிந்தி, படிப்பு இங்கிலீஷ், தமிழ் அரைகுறை. சப்டைட்டில் இருந்தால் எந்தத் தமிழ்ப்படமும் காட்டலாம் என்கிறார்கள் நண்பர்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

கிரேஸி மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) நமக்கு உயிர். ஆனால் ஒரு சொல்லை இரண்டு அர்த்தத்தில் வைத்து அடிக்கும் ஜோக் இங்கிலீஷில் பாதி செத்துவிடும். வசனமும் மளமளவென்று வருவதால் பிள்ளை வாசித்துக்கொண்டே இருக்கும், காது வேலை செய்யாது.

'காக்கா முட்டை' (2015) வேறு ரகம். இரண்டு பொடியன்கள் ரயில் பாதையோரம் கரி பொறுக்கிக் காசு சேர்ப்பதும், பீட்சாவுக்கு ஏங்கும் பேரன்களுக்குப் பாட்டி தோசைமாவில் ஒன்று சுட்டுத் தருவதும் கண்ணுக்கே புரியும். மெட்ராஸ் பாஷைதான், இருக்கட்டும். முழுப் படத்தையும் சப்டைட்டிலோடு காட்டிவிட்டு, மறுநாள் அந்தத் தோசைக் காட்சியை மட்டும் சப்டைட்டில் இல்லாமல் போடுங்கள். கதை தெரிந்துவிட்டதால் இப்போது பேச்சு காதில் ஏறும்.

எந்தப் படமானாலும் முதல் பத்து நிமிஷம் பிள்ளையின் கண்ணைக் கவனியுங்கள். திரையின் அடிப்பக்கத்திலேயே நின்றால், அந்தப் படம் இப்போதைக்கு வேண்டாம்.