83 வீதம் சாட்சி சொல்லுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆசிரியர்களும் அதிபர்மாரும் பொறுமையாக வாசியுங்கள். பெற்றோரும் வாசித்தால் நல்லது.

ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பாடசாலையின் புதிய விதி சுற்றி வருகிறது. பெயர் வேண்டாம், விதிதான் முக்கியம். மாணவர் தரும் ஒப்படையை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏஐ கண்டறியும் கருவியில் போட வேண்டுமாம். 60 வீதத்துக்கு மேல் காட்டினால் பூச்சியப் புள்ளி. இரண்டாம் முறை என்றால் ஒழுக்காற்றுக் குழு. "நல்ல முடிவு, எங்கட பாடசாலைக்கும் வேண்டும்" என்று பலர் கீழே எழுதியிருக்கிறார்கள்.

இது நல்ல முடிவு இல்லை. பிள்ளைகள் இயந்திரத்தைக் கொண்டு எழுதுவது பொய் என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறார்கள், எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த விதி அவர்களைப் பிடிக்காது. பிடிபடுவது வேறு பிள்ளைகள்.

முதலில் அந்த இலக்கம் என்னவென்று பார்ப்போம். 83 வீதம் என்று வந்தால், "இந்தப் பிள்ளை கள்ளம் செய்திருக்க 83 வீத வாய்ப்பு" என்றுதான் நம்மில் பலர் விளங்கிக்கொள்கிறோம். சில கருவிகளில் அது, கட்டுரையில் எத்தனை வீதம் இயந்திரம் எழுதியது போலத் தெரிகிறது என்ற மதிப்பீடு. வேறு சிலவற்றில் அது வேறொரு கணக்கு. இத்தகைய கருவிகள் பல முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு சொல்லுக்குப் பிறகு வரும் அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியது? எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம், எதிர்பாராத சொற்கள் வந்தால் மனிதர்.

இப்போது நமது பிள்ளைகளின் ஆங்கிலத்தை நினைத்துப் பாருங்கள். இருமொழிக் கல்வியில் படிக்கும் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? சிறிய வசனம் எழுது. பந்தியை "மோர்ஓவர்" என்று தொடங்கு, கடைசியில் "இன் கன்குளூஷன்" போடு. தெரியாத சொல்லைத் தொடாதே. இப்படி எழுதினால்தான் புள்ளி கிடைக்கும் என்று நாமே பழக்குகிறோம். அந்த எழுத்துத்தான் எளிதாக ஊகிக்கக்கூடிய எழுத்து.

இது என் ஊகம் இல்லை. 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61 வீதமானவற்றைக் கருவிகள் இயந்திரம் எழுதியவை என்றன. 91இல் 89 கட்டுரைகள் ஏதாவது ஒரு கருவியிடமாவது மாட்டின. அமெரிக்க எட்டாம் தர மாணவர்களின் கட்டுரைகளிலோ அதே கருவிகள் ஏறக்குறையத் தவறே செய்யவில்லை. நமது பிள்ளைகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கணக்கு. சட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. தங்கள் சோதனையில் அது இயந்திர எழுத்தில் 26 வீதத்தைத்தான் பிடித்தது, மனித எழுத்தில் 9 வீதத்தைத் தவறாகக் குற்றம் சாட்டியது என்று அவர்களே சொன்னார்கள். துல்லியம் போதாது என்று அதே வருடம் ஜூலையில் அதை எடுத்தும் விட்டார்கள். ஒரு பாடசாலைக்கு 200 ஒப்படைகள் வருகின்றன, அவற்றில் 20 இயந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கருவி 20இல் 5ஐப் பிடிக்கும். சொந்தமாக எழுதிய 180 பேரில் 16 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். அதிபர் அறைக்கு வெளியே நிற்கும் 21 பேரில் 16 பேர் ஒன்றும் செய்யாதவர்கள்.

"இப்போதைய கருவிகள் திருந்திவிட்டன சேர்" என்பீர்கள். சரி, 90 வீதத்தைப் பிடித்து 2 வீதம் மட்டுமே தவறும் ஒரு கருவியைக் கற்பனை செய்வோம். 18 பேர் சரியாக மாட்டுவார்கள், ஏறக்குறைய 4 பேர் அநியாயமாக மாட்டுவார்கள். அந்த 22 பேரில் 4 பேர் யார் என்று கருவி சொல்லாது. பல்கலைக்கழகங்களுக்கு இத்தகைய கருவியை விற்கும் டர்னிடின் நிறுவனமே, இலக்கத்தை மட்டும் வைத்து மாணவருக்கு எதிராக நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்கிறது. விற்பவனே சொல்லாததை நாம் ஏன் சொல்கிறோம்?

இன்னொரு வித்தியாசத்தையும் கவனியுங்கள். பார்த்து எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், எந்தப் பக்கத்திலிருந்து எந்த வரி வந்தது என்று காட்டும். பிள்ளை அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம். ஏஐ கருவி காட்டுவது வெறும் இலக்கம். "நீ எழுதவில்லை என்று கணினி சொல்கிறது" என்றால் பிள்ளை என்ன பதில் சொல்லும்? நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவருக்கே என்று மத்ரஸாவில் சிறு வயதிலேயே கேட்டவர்கள் நாம். இந்த விதி அந்தப் பொறுப்பைத் தூக்கி 16 வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு விசாரணையைச் சொல்கிறேன். தரம் 11, ஆங்கில மொழிமூலப் புவியியல். ஒலுவில் துறைமுகமும் கடலரிப்பும் பற்றி 600 சொல்லில் ஒப்படை. ஒரு மாணவிக்குக் கருவி 83 காட்டியது. இன்னொரு மாணவனுக்கு 12. அந்த 60 வீத விதி இருந்திருந்தால் மாணவிக்குப் பூச்சியம், மாணவனுக்கு முழுப் புள்ளி.

அங்கே இரண்டு ஆசிரியர்கள் மூன்று விடயங்களைப் பார்த்தார்கள். முதலாவது, அதே தவணையில் வகுப்பில் கையால் எழுதிய விடைத்தாள். மாணவியின் ஒப்படையில் இருந்த அதே வசன அமைப்பு, அதே "மோர்ஓவர்", அதே எழுவாய்ப் பயனிலைப் பிழை அதிலும் இருந்தது. மாணவனின் விடைத்தாளில் ஒரு பந்தி முழுமையாக இல்லை. ஒப்படையிலோ அவன் வாயில் ஒருநாளும் வராத சொற்கள். இரண்டாவது, தயாரித்த தடயம். மாணவி அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்தாள். முதலில் தமிழில் எழுதி, வெட்டித் திருத்தி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தாள். மாணவனிடம் ஒன்றும் இல்லை. கடதாசியை எறிந்துவிட்டதாகச் சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கவில்லை.

மூன்றாவது, பத்து நிமிடப் பேச்சு. "மகள், துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் கடல் அரிக்குது? ஏன் மற்றப் பக்கம் அரிக்கல்ல?" தமிழில் பதில் சொல்லலாம் என்று முதலே சொன்னார்கள். கரையோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு போகுது சேர், அலைத்தடுப்பு மறிக்கிறதால தெற்கே மணல் தேங்குது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் மணல் வராம கரை போகுது என்று கடதாசியில் படம் கீறிக் காட்டினாள். மாணவனிடம் அவனது ஒப்படையிலேயே இருந்த ஒரு வசனத்தைக் காட்டி, இதை உன் சொல்லில் சொல் என்றார்கள். முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே சொல்லிவிட்டான்: ஏஐயில் எடுத்து, சொற்களை மாற்றிக் கொடுக்கும் இன்னொரு தளத்தில் போட்டிருக்கிறான். 12 வந்த காரணம் அதுதான்.

முடிவு: மாணவிக்கு உரிய புள்ளி. மாணவன் அடுத்த கிழமை வகுப்பிலேயே அதே தலைப்பை எழுத வேண்டும், அதற்குத்தான் புள்ளி. வாப்பாவை அழைத்து அமைதியாகச் சொன்னார்கள். ஒழுக்காற்றுக் குழு தேவைப்படவில்லை.

இதை ஒரு பக்க விதியாக எழுதலாம்.

ஒன்று: எது அனுமதி, எது இல்லை என்று ஒப்படைத் தாளிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதி கூகுள் மொழிபெயர்ப்பில் போடலாமா? இலக்கணம் திருத்தலாமா? இதைச் சொல்லாமல் தண்டிப்பது நியாயமில்லை.

இரண்டு: ஒவ்வொரு தவணையும் முதல் மாதத்தில் வகுப்பில் கையால் எழுதிய ஒரு கட்டுரையைக் கோவையில் வையுங்கள். ஒப்பிட வேறெதுவும் இவ்வளவு உதவாது.

மூன்று: சந்தேகத்துக்கான காரணத்தை ஆசிரியர் தன் சொல்லில் முதலில் எழுத வேண்டும். கருவியைப் பார்க்க விரும்பினால் அதற்குப் பிறகுதான். 83ஐப் பார்த்த கண்ணுக்கு ஒவ்வொரு வரியும் இயந்திரமாகத்தான் தெரியும். இலக்கம் மட்டும் காரணமானால் விசாரணையே இல்லை. இலக்கத்தைப் பிள்ளையின் கோவையில் பதியவும் கூடாது.

நான்கு: பேச்சில் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும், பிள்ளை விரும்பும் மொழியில் நடக்க வேண்டும். திக்கிப் பேசும் பிள்ளை, கூச்சமுள்ள பிள்ளை எழுத்தில் பதில் தரலாம். பயத்தில் வாய் அடைத்துப் போவது குற்றத்தின் அடையாளமில்லை.

ஐந்து: இரண்டு வெவ்வேறு சான்றுகள் ஒத்துப்போகாவிட்டால் புள்ளியைக் குறைக்க முடியாது. முடிவில் திருப்தி இல்லையென்றால் பெற்றோர் அதிபரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

"எங்களுக்கு நேரம் எங்கே இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 40 பேரையும் விசாரிக்கச் சொல்லவில்லை. உண்மையான காரணம் எழுதக்கூடிய இரண்டு மூன்று பேர்தான் ஒரு வகுப்பில் வருவார்கள். அவர்களுக்காக ஒரு பாடவேளை ஒதுக்க முடியாதென்றால், பூச்சியம் போடும் உரிமையும் நமக்கு இல்லை.

இந்த முறையிலும் சிலர் தப்புவார்கள். ஏஐ எழுதியதை நன்றாகப் படித்து மனதில் ஏற்றிக்கொண்டு வருபவனைப் பத்து நிமிடத்தில் பிடிக்க முடியாது. அவன் ஒலுவில் கடலரிப்பையாவது படித்துவிட்டான் என்று விடுங்கள். தப்பியவனுக்கு அடுத்த தவணை இருக்கிறது, வகுப்பில் எழுதும் பரீட்சை இருக்கிறது. செய்யாத கள்ளத்துக்குப் பூச்சியம் வாங்கி, உம்மாவின் முன்னால் அழுத பிள்ளைக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுப்போம்?

அந்த 60 வீத விதியை உங்கள் பாடசாலைக் கூட்டத்தில் யாராவது வாசித்தால், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இந்த இலக்கத்துக்குப் பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்?" விடை இல்லையென்றால் விதியும் வேண்டாம்.