காதுக்குத் தெரியாத விடை

"தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் இலக்கண வினாவில் என்ன கஷ்டம்? நான்கு விடைகளையும் வாயால் சொல்லிப் பார்த்தால் சரியானது எது என்று காதே சொல்லிவிடுமே!" இந்த அறிவுரையை வகுப்பறைகளிலும் ரியூசன் கொட்டகைகளிலும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். காலம், எண், பால், இடம் ஆகியவற்றைச் சோதிக்கும் பல்தேர்வு வினாக்களைப் பொறுத்தவரை இதைப்போல் தீங்கு செய்யும் அறிவுரை வேறொன்று இல்லை என்பது என் கருத்து. அதிலும் கட்டுகஸ்தோட்டை போன்ற ஓர் ஊரில் இதைச் சொல்வது வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அநீதி இழைப்பதாகும்.

கட்டுகஸ்தோட்டையை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். கண்டிக்கு வடக்கே, மகாவலி ஆற்றின் கரையில் அமைந்த ஊர் இது. யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி இவ்வூரைக் கடந்தே அக்குறணைக்கும் மாத்தளைக்கும் போகிறது. குருநாகலுக்குச் செல்லும் வீதியும் இங்குதான் பிரிகிறது. சிங்களவரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகிறார்கள். ஆகவே ஒரு தமிழ்மொழி வகுப்பில் மூன்று நான்கு வகைத் தமிழ்க் காதுகள் அமர்ந்திருக்கும்.

அக்குறணைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மாணவனை எடுத்துக்கொள்வோம். மத்திய, மேல், தென் மாகாணங்களைச் சேர்ந்த முஸ்லிம்கள் பலரது பேச்சுத் தமிழில் வினைமுற்று எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை. "நான் வந்த, அவன் வந்த, அவங்க வந்த" என்று மூன்றுக்கும் ஒரே வடிவமே வரும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எம்.ஏ. நுஃமான் இந்தப் பேச்சு வழக்கின் இயல்புகளை மொழியியல் நோக்கில் ஆராய்ந்திருக்கிறார். இது குறையுள்ள தமிழ் என்று யாரேனும் மூக்கைச் சுளித்தால், மலையாளத்திலும் வினைமுற்று இப்படித்தான் இருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். கேரளத்தில் யாரும் அதற்காக வெட்கப்படுவதில்லை. ஆனால் அந்த மாணவனிடம் "காதைக் கேள்" என்று சொன்னால் அவன் காது என்ன சொல்லும்? வந்தேன், வந்தான், வந்தனர் என்ற மூன்றும் அவன் வீட்டில் புழங்காத சொற்கள். அவனுக்கு அவை புத்தகத் தமிழ்.

பக்கத்து வகுப்பிலுள்ள சிங்களப் பிள்ளைக்கும் இதே தொல்லைதான். பேச்சுச் சிங்களத்தில் "மம யனவா" என்றால் நான் போகிறேன்; "எயா யனவா" என்றால் அவர் போகிறார். வினை மாறுவதில்லை. எழுத்துச் சிங்களத்திலோ "மம யமி", "ஒஹு யயி" என்று மாறியாக வேண்டும். உக்த – ஆக்யாத இயைபு என்ற பெயரில் அவர்களும் இதைப் பாடமாகவே படிக்கிறார்கள்.

சரி, வீட்டில் வந்தேன், வந்தான் என்று பேசி வளர்ந்த தமிழ்ப் பிள்ளையின் காதாவது நம்பத்தக்கதா? அதுவும் இல்லை. மலையகத்தவரோ யாழ்ப்பாணத்தவரோ சென்னையில் உள்ளவரோ, "மாடுகள் வந்தன" என்று பேச்சில் சொல்பவர் எத்தனை பேர்? மாடு ஒன்றாயினும் பத்தாயினும் பேச்சில் அதே வினைதான். அஃறிணைப் பன்மை என்பது இன்று ஏறத்தாழ எழுத்தில் மட்டுமே வாழ்கிறது. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் இது நன்கு தெரியும். அதனால்தான் மரங்களும் பறவைகளும் ஆடுமாடுகளும் வினாத்தாள்களில் இவ்வளவு நடமாடுகின்றன!

காதை விட்டுவிட்டால் எதைப் பிடிப்பது? எழுவாயைப் பிடிக்க வேண்டும். மாதிரி வினா ஒன்றைப் பார்ப்போம்.

"ஆற்றங்கரையில் நின்ற மரங்களுள் ஒன்று நேற்றைய காற்றில் ______." விடைகள்: 1. விழுகின்றது 2. விழுந்தன 3. விழுந்தது 4. விழும்.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். "நேற்றைய" என்ற சொல் இறந்தகாலத்தைக் காட்டுகிறது. முதலாம், நான்காம் விடைகள் கழிந்தன. எஞ்சிய இரண்டுக்கும் காலம் ஒன்றே. எண் மட்டும் வேறு. இனி விழுந்தது எது என்று வாக்கியத்தைக் கேட்க வேண்டும். "மரங்கள்" என்று மனம் அவசரப்படும். ஆனால் "மரங்களுள்" என்பது உருபேற்ற சொல். உருபேற்ற சொல் எழுவாயாக நிற்காது. உருபு ஏற்காமல் நிற்கும் பெயர் "ஒன்று" மட்டுமே. ஆகவே "விழுந்தது". இந்த வினாவில் "விழுந்தன" என்ற விடையைத் தேர்ந்த பிள்ளைக்குப் பன்மை விகுதி தெரியாது என்று ஆசிரியர் நினைத்தால் அது பிழை. அந்தப் பிள்ளைக்குப் பன்மை விகுதி நன்றாகவே தெரியும். எழுவாயைத்தான் அது தவறவிட்டது. திருத்த வேண்டிய இடமும் அதுதான்.

காலத்திலும் இதே வகைப் பொறி உண்டு. "நேற்று வந்த கடிதத்தை அக்கா நாளை ______" என்று ஒரு வினா. வாசித்தாள், வாசிப்பாள், வாசித்தார்கள், வாசிப்பார்கள் என்பன விடைகள். வாக்கியத்தின் முதற்சொல்லைக் கண்டவுடன் "வாசித்தாள்" என்று கோடிடும் பிள்ளைகள் உண்டு. "நேற்று" என்பது "வந்த" என்ற எச்சத்துக்கு உரியது; கடிதம் வந்த நாளை அது சொல்கிறது. வாக்கியத்தை முடிக்கும் வினைக்கு உரிய காலச்சொல் "நாளை". ஒரு காலச்சொல்லைக் கண்டால் அது எந்த வினையைத் தழுவி நிற்கிறது என்று பார்த்த பின்னரே விடைகளைக் கழிக்க வேண்டும்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இவை விளையாட்டு அல்ல. செய்தி வாக்கியத்தில் எழுவாய் தொடக்கத்தில் நிற்கும். வினை பன்னிரண்டு சொற்களுக்கு அப்பால் கிடக்கும். இடையில் வரும் பன்மைப் பெயரொன்று வினையைத் தன் பக்கம் இழுத்துவிடும். "பிரதமர் மூன்று அமைச்சர்களுடன் யாழ்ப்பாணம் சென்றனர்" என்ற வகை வாக்கியத்தைச் செய்தி மேசையில் நான் திருத்திய தடவைகளுக்குக் கணக்கில்லை. சென்றவர் நால்வர்தாமே, பன்மை வந்தால் என்ன என்று இளம் நிருபர்கள் வாதாடுவார்கள். பொருளளவில் நால்வர்தான். இலக்கணம் பார்ப்பது தலைகளின் எண்ணிக்கையை அல்ல, எழுவாயை. "உடன்" என்ற உருபு அமைச்சர்களை எழுவாய்க்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆகவே "சென்றார்". "பிரதமரும் மூன்று அமைச்சர்களும்" என்று எழுதினால், "உம்" எல்லோரையும் எழுவாய்க்குள் சேர்த்துக்கொள்கிறது. அப்போது "சென்றனர்". பரீட்சை வினாவில் "உடன்" என்றோ "உம்" என்றோ கண்டால் பிள்ளை ஒரு கணம் நிற்க வேண்டும்.

இதுவரை பிள்ளையின் பக்கம். வினா தயாரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கட்டுகஸ்தோட்டையில் புழங்கும் மாதிரி வினாத்தாள் ஒன்றில் கண்ட வகை இது: "அடுத்த வாரம் நாங்கள் யாழ்ப்பாணம் ______." விடைகள்: போனோம், போகிறோம், போவோம், போவார்கள். எதிர்பார்க்கும் விடை "போவோம்". அது சரிதான். ஆனால் "போகிறோம்" எப்படிப் பிழையாகும்? அடுத்த வாரத்துக்குப் பேருந்தில் இருக்கை பதிவு செய்தவர் "போகிறோம்" என்றுதானே சொல்வார்? இது பேச்சு வழக்கின் சலுகையும் அல்ல. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாக மயங்கி வரலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. நடக்கப்போவது உறுதி என்ற தெளிவினால் எதிர்காலம் நிகழ்காலமாகச் சொல்லப்படுகிறது. காலவழுவமைதி என்று பாடப்புத்தகத்தில் கற்பித்துவிட்டு, பல்தேர்வு வினாவில் அதையே பிழையென்று வெட்டுவது என்ன நியாயம்?

இதைவிட மோசமான வினாவும் உண்டு. "மகாவலி திருகோணமலைக்கு அருகே கடலில் ______" என்று கேட்டு, கலக்கிறது, கலக்கும் என்ற இரண்டையும் விடைகளில் வைத்தால் யார் எதைத் தேர்வது? என்றும் நடக்கும் செயலுக்கு இரண்டு வடிவமும் தமிழில் உரியவை. இங்கே பிள்ளை இலக்கணத்தை அல்ல, வினா எழுதியவரின் மனத்தைத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய வினாவைத் திருத்துவது எளிது. இயைபைச் சோதிப்பதானால் நான்கு விடைகளையும் ஒரே காலத்தில் வைத்து எண்ணையும் இடத்தையும் மட்டும் மாற்றலாம்: போவோம், போவேன், போவீர்கள், போவார்கள். காலத்தைச் சோதிப்பதானால் "நேற்று", "சென்ற ஆண்டு" போன்ற இறந்தகாலச் சொல்லைத் தந்து கேட்பது பாதுகாப்பானது. நேற்றைய நிகழ்வுக்கு "போவோம்" என்று யாரும் வாதாட முடியாது. அஃறிணை எண்ணைச் சோதிக்கும் வினாவில் எதிர்காலத்தைத் தவிர்க்க வேண்டும். "மரம் விழும்", "மரங்கள் விழும்" என்று இரண்டுக்கும் வடிவம் ஒன்றாகவே இருப்பதால் அங்கே எண் வேறுபாடு தெரியாது.

இரண்டு விடைகள் சரியாகத் தோன்றும் வினா பரீட்சை மண்டபத்தில் வந்துவிட்டால் பிள்ளை என்ன செய்வது? அங்கே வழக்காட நேரமில்லை. வழுவமைதி என்பது அனுமதி. வழாநிலை என்பது விதி. "அடுத்த வாரம்" என்ற சொல்லுக்கு நேராகப் பொருந்தும் எதிர்கால வினை விடைகளில் இருந்தால் அதற்கே கோடிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஆசிரியரிடம் வினாத்தாளைக் கொண்டுபோய், மற்றது ஏன் பிழை என்று கேட்கலாம். கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு "காதுக்குச் சரியாகப் படவில்லை" என்பதைத் தவிர வேறு பதில் ஆசிரியரிடம் இல்லையென்றால், அடுத்த வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன் வேறொருவர் அதைப் பார்ப்பது நல்லது.