ஊர் பட்டியல் வேண்டாம், ஒரு நாள் போதும்

‘மறக்க முடியாத விடுமுறை’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகளின் நோட்டில் என்ன இருக்கும்? மதுரை போனோம், ராமேஸ்வரம் போனோம், கன்னியாகுமரி போனோம், மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம். பஸ் டைம்டேபிள்கூட இதைவிடச் சுவாரசியமாக இருக்கும்!

ஆறாவது படிக்கும் என் அக்கா மகளும் இப்படித்தான் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். “இதில் எந்த நாளைப் பற்றி இன்னும் ஃப்ரெண்ட்ஸிடம் பேசிக்கிட்டிருக்கே?” என்று கேட்டேன்.

“தனுஷ்கோடி போன அன்னிக்கு, சித்தி. தாத்தா அழுதாரு.”

கட்டுரையில் அந்த நாளுக்கு இருந்தது ஒரே வரி: ‘தனுஷ்கோடியில் பழைய சர்ச் பார்த்தோம்.’

மற்ற ஊர்களை ஒரே வாக்கியத்தில் அடக்கச் சொன்னேன். பெட்டி கட்டியது, டிபன் சாப்பிட்டது எல்லாம் போயிற்று. பிறகு கேள்விகள்தான். சர்ச் எப்படி இருந்தது? கூரை இல்லை, சுவர் மட்டும், காலடியில் மணல். தாத்தா என்ன செய்தார்? 1964 புயலுக்கு முன்னால், சின்னப் பையனாக, அங்கே ரயிலில் வந்து இறங்கியவராம். அந்த ஸ்டேஷனைத் தேடிப் போய், இடிந்த சுவரைத் தடவிக்கொண்டு நின்றாராம். நீ?

“அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். கையெல்லாம் மணல்.”

அடுத்து ‘தாத்தா மிகவும் வருத்தப்பட்டார்’ என்று எழுதப் போனாள். தடுத்தேன். அந்த மணல் ஒட்டிய கையே அதைச் சொல்லிவிடுகிறதே! புயலுக்கும் இரண்டு வரி போதும். மிஞ்சினால் சரித்திரப் பாடமாகிவிடும்.

முடிவை அவளே எழுதினாள்: ‘திரும்பும்போது தாத்தா ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார்.’