தோலுக்குக் கீழே வெட்டுவது பெருமையா?

பிளேடு கூடக் கூட சவரம் உசத்தி என்று ஒரு நம்பிக்கை நாட்டில் பரவிக் கிடக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் ஜில்லெட் இரட்டை பிளேடைக் கொண்டு வந்தது. 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து. கும்மிடிப்பூண்டி பஜாரில் ரேசர் வாங்கப் போகிறவரும் முதலில் கேட்பது "இதுல எத்தனை பிளேடுண்ணா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. முடி எந்த இடத்தில் வெட்டப்படுகிறது, தோலுக்கு மேலா கீழா? கேள்வி இது ஒன்றுதான்.

பல பிளேடு ரேசர் வேலை செய்யும் விதம் இது. முதல் பிளேடு முடியை வெட்டும்போதே அதைக் கொஞ்சம் வெளியே இழுக்கிறது. இழுபட்ட முடி உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு இன்னொரு முறை வெட்டிவிடுகிறது. மிச்சம் இருக்கும் முனை தோலுக்குக் கீழே போய்விடுகிறது. கன்னம் வழவழவென்று இருக்கும், விளம்பரத்தில் தடவிக் காட்ட வசதி. ஆனால் சுருள் முடிக்காரருக்கு அந்தக் கூர்முனை நேராக வெளியே வராது. வளைந்து பக்கவாட்டில் தோலைக் குத்தும். அதுதான் கழுத்திலும் தாடைக்கு அடியிலும் வரும் கட்டி. மருத்துவத்தில் இதற்கு சூடோஃபாலிக்குலைட்டிஸ் பார்பே என்று வாயில் நுழையாத பெயர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. "எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின்" என்று சொல்பவர்களில் இரண்டு கூட்டம் உண்டு. சவரம் முடிந்தவுடன் முகமெல்லாம் சிவந்து எரிந்து, ஓரிரு நாளில் அடங்கினால் அது எரிச்சல். மழுங்கிய பிளேடு, வறட்டுச் சவரம், மேலே ஊற்றிய ஆஃப்டர் ஷேவ் இவையே பெரும்பாலும் காரணம். இரண்டு மூன்று நாள் கழித்து தனித்தனிக் கட்டியாக எழும்பி, உற்றுப் பார்த்தால் உள்ளே ஒரு முடி சுருண்டு தெரிந்தால் அது முன்னே சொன்ன வியாதி. எரிச்சல்காரருக்குப் புது பிளேடும் நல்ல நுரையும் போதும். கட்டிக்காரர் வெட்டும் கருவியையே மாற்ற வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து கற்றாழைப் பட்டை ஒட்டி 'சென்சிட்டிவ்' என்று எழுதி விற்பது, தலைவலிக்கும் பல்வலிக்கும் ஒரே பொட்டலம் மடித்துத் தருவது மாதிரி.

சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு மணி ஷிஃப்ட். நாலு பேர் தங்கும் அறை, ஐந்து மணிக்குக் குழாயடியில் வரிசை. அவருக்குக் கிடைப்பது ஒரு மக் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீராக இருந்தால் சோப்பு நுரைக்காது. (மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய கதை ஊரறிந்தது.) ஐந்து பிளேடு ரேசர் வாங்குகிறார். கார்ட்ரிட்ஜ் விலை அதிகம் என்பதால் ஒன்றையே இரண்டு மாதம் ஓட்டுகிறார். நெருக்கமான பிளேடுகளுக்கு நடுவே முடி அடைக்கிறது, மக் தண்ணீரில் ஆட்டினால் போவதில்லை. அடைத்த ரேசரை அழுத்தி இழுக்கிறார். பிறகு உலைச் சூடு, வேர்வை, ஹெல்மெட் வார். கழுத்தில் கட்டி வராமல் என்ன செய்யும்?

இந்தப் பாடத்தை ஜில்லெட்டே காசு கொடுத்துக் கற்றிருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கென்று ஒரு ரேசரை உருவாக்கி, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பிரமாதம் என்று பதில் வந்தது. இந்தியாவுக்கு வந்ததும் ரேசர் திணறியது. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது, இங்கே ஆட்கள் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து சவரம் செய்தார்கள். பிறகு இங்கேயே வந்து வீடு வீடாகப் பார்த்து, 2010-ல் கார்டு என்ற ரேசரைக் கொண்டு வந்தார்கள். விலை அப்போது 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். அதில் எத்தனை பிளேடு தெரியுமா? ஒன்று!

சூடு தண்ணீரில் முடியை ஊறவைத்து, புது பிளேடு போட்டு, தோலை இழுக்காமல் செய்தால் ஐந்து பிளேடும் கெடுதல் செய்யாது என்று ஒரு வாதம் உண்டு. வாதம் தப்பில்லை. ஆனால் அந்த 'செய்தால்' எல்லாம் எம்.ஐ.டி. குழாயடியில் நடக்கும், அதிகாலை ஐந்து மணி வரிசையில் நடக்காது.

அப்படியென்றால் கட்டிக்காரர் என்ன வாங்குவது? ட்ரிம்மர். அதில் அசையாத ஒரு பல்தகடு, அதன்மேல் இடவலமாக ஓடும் ஒரு பிளேடு. கத்திரிக்கோல் மாதிரி வெட்டும். பல்தகடு தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே நிற்பதால் சீப்பு மாட்டாமல் ஓட்டினாலும் சுமார் அரை மில்லிமீட்டர் முடி வெளியே மிஞ்சும். அந்த அரை மில்லிமீட்டர்தான் மருந்து. முனை வெளியே இருப்பதால் உள்ளே குத்த வழியில்லை. ரேசரை நிறுத்தி ட்ரிம்மருக்கு மாறினால் சில வாரங்களில் பழைய கட்டிகள் வற்ற ஆரம்பிக்கும். பெட்டியில் 'டைட்டானியம்' என்று இருந்தால் மயங்க வேண்டாம், பெரும்பாலும் அது எஃகின் மேல் ஒரு பூச்சு. பல் முனைகள் உருண்டையாக இருக்கிறதா, பிளேடு கழற்றிக் கழுவ வருகிறதா என்று பார்ப்பதே பிரயோஜனம்.

பேட்டரியிலும் இதே கூத்துதான். 90 நிமிடம், 120 நிமிடம் என்று பெட்டியில் கொட்டை எழுத்து. கணக்குப் போட்டால் குட்டு வெளிப்படும். ஒரு தடவைக்கு ஆறு நிமிடம், மூன்று நாளுக்கு ஒரு தடவை என்றால் 45 நிமிட பேட்டரியே மூன்று வாரம் வரும். அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண். பார்க்க வேண்டியது பேட்டரியின் வகை. பழைய நிக்கல் வகை சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் கேட்கும், தீரத் தீர மோட்டார் தொய்யும். தொய்ந்த பிளேடு முடியை வெட்டாமல் கடித்து இழுக்கும், சென்சிட்டிவ் தோலுக்கு அதுவே போதும். லித்தியம் வகை கிட்டத்தட்ட கடைசிவரை வேகம் குறையாமல் ஓடும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். ஆனால் அதைத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் செத்துப்போகும். முழு சார்ஜிலும் முடி இழுத்தால் தப்பு பேட்டரியில் இல்லை, பிளேடில் சேர்ந்த முடியைத் தட்டி ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

ட்ரிம்மருக்கும் ஓர் எல்லை உண்டு. ரசாயனப் புகையில் வேலை செய்து, முகத்தோடு இறுக ஒட்டும் ரெஸ்பிரேட்டர் போடுபவருக்குக் குறுமுடிகூட இடுக்கு உண்டாக்கி விஷக்காற்றை உள்ளே விடும். அவர் மழித்தே ஆக வேண்டும். அவருக்கும் ஒற்றை பிளேடு ரேசர், முடி வளரும் திசையில் ஒரே இழுப்பு, இரண்டாம் முறை எதிர்த்திசையில் போகாமல் இருப்பது. மலிவான பிளேடு என்பதால் நாலைந்து சவரத்துக்கு ஒரு முறை மாற்ற மனசும் வரும். கட்டி அடங்காமல் சீழ் வைத்தால் மட்டும் தோல் டாக்டரிடம் போக வேண்டும்.

வழவழப்பான கன்னத்தை ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழுத்தைச் சொறிந்துகொண்டிருப்பதற்குப் பெயர் அழகு என்றால், அந்த அழகை விளம்பரக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும்.