பாட்டியின் சாட்சியை இப்போதே பதிவு செய்யுங்கள்

எங்கள் வட்டாரத்தில் 80 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் நில வழக்கு, 12 ஆண்டுகளாக முன்சீப் கோர்ட்டில் நிற்கிறது. 60 சென்ட் பஞ்சமி நிலம். கணவர் கடனுக்காகக் கைநாட்டு வைத்த வெற்றுத்தாள் பிறகு கிரயப் பத்திரமாகிவிட்டது என்பது அவரது பிராது. கைநாட்டு வைத்தபோது உடனிருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் மட்டுமே.

நீதிபதி மாறினார், அளக்க வேண்டிய ஆணையர் வரவில்லை, எதிர்த்தரப்பு இடைமனு போட்டது என்று வாய்தா நீண்டுகொண்டே போகிறது. நிலத்தில் பயிர் செய்துகொண்டிருக்கும் பிரதிவாதிக்கு என்ன அவசரம்? பாட்டி கண்ணை மூடினால் பாதி வழக்கு முடிந்தது என்பதே அவர் கணக்கு.

இதற்கு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151-வது பிரிவில் முன்கூட்டி விசாரிக்கக் கோரும் மனு போடலாம். ஆனால் நம்மவர்கள் போடும் மனுக்களில் பெரும்பாலும் ‘மனுதாரர் வயோதிகர்’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. அது போதாது. வயதுச் சான்று, மருத்துவச் சான்று இவற்றோடு, எந்தத் தேதியில் யார் கேட்டு வாய்தா போனது என்ற பட்டியலும் வேண்டும். விசாரணை தொடங்கிய பின் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது தளர்ந்து கிடக்கிறது. பட்டியல் கண்முன் இருந்தால் நீதிபதி அதைத் தாண்டிப்போவது கடினம்.

இதைவிட முக்கியம், 18-வது கட்டளை 16-வது விதியின் கீழ் இன்னொரு மனு. வழக்கு முறைப்படி விசாரணைக்கு வரும்வரை காத்திராமல், பாட்டியின் சாட்சியத்தை உடனே பதியக் கேட்பது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், அவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். செய்யட்டும். குறுக்கு விசாரணை முடிந்த சாட்சியம் அவர் காலத்துக்குப் பிறகும் நிற்கும். வெறும் பிரமாணப் பத்திரம் அப்படி நிற்காது. படுக்கையில் விழுந்துவிட்டாலும் ஆணையரை வீட்டுக்கே அனுப்பக் கேட்கலாம்.

முன்சீப் மறுத்தால், அரசியலமைப்பின் 227-வது பிரிவின்படி உயர் நீதிமன்றம் போகலாம். அங்கே நிலம் யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். இத்தனை மாதத்தில் முடி என்று கீழ்க்கோர்ட்டுக்கு உத்தரவிடுவார்கள். அந்தக் கெடு தாண்டியும் நீட்டிப்பு கேட்கப்படும் என்பதால், உத்தரவு நகலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வாதி இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போட வேண்டும். தவறினால் வழக்கு அற்றுப்போகும். பிறகு அதை உயிர்ப்பிக்கத் தனி மனு, தனி அலைச்சல். இப்போதே வாரிசுச் சான்றுக்கான தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து இவர்கள் இத்தனை நாள் சும்மா இருந்ததுதான் எங்களுக்கு வருத்தம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றோடு விண்ணப்பித்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். பாட்டியின் பேரன் இந்த வாரம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.