மரம் வரையாமலே போஸ்ட்ஆர்டர்

பைனரி மரம் ஒன்றின் பிரீஆர்டரையும் இன்ஆர்டரையும் கொடுத்து, போஸ்ட்ஆர்டர் என்ன என்று கேட்கும் கேள்விக்கு மரத்தை வரைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மரத்தைக் கட்டி, பிறகு அதைச் சுற்றிவந்து எழுதுவதுதான் வகுப்பில் சொல்லித்தரும் வழி. அது சரியான வழிதான். ஆனால் கேட்காத ஒன்றை வரைந்துவிட்டு, கேட்டதை அதிலிருந்து படித்தெடுக்கும் வேலை அது. அவசரத்தில் ஒரு கோடு பக்கம் மாறிச் சாய்ந்தால் இடப்பிள்ளை வலப்பிள்ளையாகிவிடும்.

மூன்று வரிசைகளும் ஒரே மூன்று துண்டுகளால் ஆனவை: வேர், இடக்கிளை, வலக்கிளை. பிரீஆர்டரில் வேர் முன்னால் நிற்கும். இன்ஆர்டரில் இரண்டு கிளைகளுக்கும் நடுவில் நிற்கும். போஸ்ட்ஆர்டரில் கடைசிக்குப் போய்விடும். எந்த வரிசையிலும் இடக்கிளைக்குப் பின்னரே வலக்கிளை வரும். ஒரு கிளையின் கணுக்கள் இன்னொன்றின் கணுக்களோடு கலப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கிளையிலும் எத்தனை கணுக்கள் என்று தெரிந்தால், போஸ்ட்ஆர்டரில் அது எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை பரவும் என்பதும் தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கையை இன்ஆர்டர் தருகிறது. வேர் யார் என்பதைப் பிரீஆர்டர் தருகிறது. மரத்தின் உருவம் எங்கும் தேவைப்படவில்லை.

ஒன்பது கணுக்கள் கொண்ட ஒரு கணக்கு:

பிரீஆர்டர்: ம ச க ட த ப ய ர வ
இன்ஆர்டர்: க ச த ட ம ப ர ய வ

தாளில் ஒன்பது கட்டங்களைப் போட்டுக்கொண்டு வலது கோடியிலிருந்து நிரப்ப வேண்டும். பிரீஆர்டரின் முதல் எழுத்து ம. அது 9-ஆம் கட்டத்துக்குப் போகிறது. இன்ஆர்டரில் ம-வுக்கு இடப்பக்கம் நான்கு எழுத்துகள், வலப்பக்கம் நான்கு. எனவே 1 முதல் 4 வரை இடக்கிளைக்கும், 5 முதல் 8 வரை வலக்கிளைக்கும் ஒதுங்கிவிட்டன.

முதலில் வலக்கிளை. இன்ஆர்டரில் அதன் துண்டு ‘ப ர ய வ’. பிரீஆர்டரில் ம-வை அடுத்த நான்கு எழுத்துகள் இடக்கிளைக்குரியவை. அவற்றைத் தாண்டினால் ‘ப ய ர வ’ கிடைக்கும். ப முன்னால் நிற்பதால் அது 8-ஆம் கட்டத்துக்கு. இன்ஆர்டர் துண்டில் ப-வுக்கு இடப்பக்கம் யாரும் இல்லை. மீதி மூன்றும் வலப்பக்கம். ‘ய ர வ’-வில் ய முந்துகிறது, அது 7-க்கு. அதன் இடப்பக்கம் ர, வலப்பக்கம் வ. அவை 5-க்கும் 6-க்கும்.

இடக்கிளையின் இன்ஆர்டர் துண்டு ‘க ச த ட’, பிரீஆர்டர் துண்டு ‘ச க ட த’. ச 4-க்குப் போகிறது. அதன் இடப்பக்கம் க மட்டும், ஆக அது 1-க்கு. வலப்பக்கம் இருவர், பிரீஆர்டரில் ட முந்துவதால் ட 3-க்கு, த 2-க்கு. விடை: க த ட ச ர வ ய ப ம.

தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது, 9-ஆம் கட்டத்தை நிரப்பியதும் பிரீஆர்டரின் அடுத்த எழுத்தான ச-வை எடுத்து 8-இல் போட்டுவிடுவது. பிரீஆர்டரில் வேரை அடுத்து வருவது இடக்கிளையின் வேர். போஸ்ட்ஆர்டரில் வேருக்கு முன்னால் நிற்பதோ வலக்கிளையின் வேர். இடையில் இருக்கும் இடக்கிளையை முழுதாகத் தாண்டாமல் அங்கே போக முடியாது. இரண்டாவது, எண்ணிக்கையில் வரும் சறுக்கல். ப-வுக்கு இடப்பக்கம் எத்தனை பேர் என்று கேட்டால், முழு இன்ஆர்டரையும் பார்ப்பவர் ஐந்து என்பார். துண்டுக்குள் எண்ணினால் சுழியம். அப்போதைய துண்டின் இரு ஓரங்களிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது இதற்குப் போதும்.

துண்டு மூன்று எழுத்துக்குச் சுருங்கிய பிறகு கட்டம் பிரிக்கவும் வேண்டாம். இரண்டெழுத்துத் துண்டு என்றால் பிரீஆர்டரை அப்படியே திருப்பி எழுதலாம். பிள்ளை எந்தப் பக்கம் என்பது போஸ்ட்ஆர்டரைப் பாதிக்காது. மூன்றெழுத்துத் துண்டில் ஒரே ஒரு கேள்விதான்: பிரீஆர்டரில் முதலில் நிற்கும் எழுத்து இன்ஆர்டர் துண்டின் நடுவில் இருக்கிறதா? இருந்தால், மற்ற இரண்டையும் பிரீஆர்டர் வரிசையிலேயே எழுதி, வேரைக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஓரத்தில் இருந்தால், மூன்றையும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். மேலே ‘ய ர வ’ முதல் வகை; அதனால்தான் ‘ர வ ய’ ஆனது.

2013-ஆம் ஆண்டு கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் 30, 20, 10, 15, 25, 23, 39, 35, 42 என்ற பிரீஆர்டரைக் கொடுத்து, இது பைனரி தேடல் மரம் என்று சொல்லி, போஸ்ட்ஆர்டரைக் கேட்டிருந்தார்கள். தேடல் மரத்தின் இன்ஆர்டர் என்பது எண்களின் ஏறுவரிசையே. ஆகவே சொல்லாமலே அதையும் கொடுத்ததாகத்தான் பொருள்: 10, 15, 20, 23, 25, 30, 35, 39, 42. வேர் 30 கடைசிக் கட்டத்துக்கு. வலத்துண்டின் பிரீஆர்டர் 39, 35, 42. ஏறுவரிசையில் 39 நடுவில் இருக்கிறது, ஆக 35, 42, 39. இடத்துண்டின் வேர் 20, அது ஐந்தாம் கட்டத்துக்கு. அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு எண்கள்: 10, 15 திரும்பி 15, 10 ஆகிறது, 25, 23 திரும்பி 23, 25 ஆகிறது. விடை: 15, 10, 23, 25, 20, 35, 42, 39, 30.

அந்தக் கேள்வியின் நான்கு விடைகளும் 39, 30 என்றே முடிந்தன. கடைசி எண்ணை மட்டும் பார்த்துத் தேர்வு செய்பவருக்கு அங்கே வழியில்லை. ஆனால் வலத்துண்டை நிரப்பியதுமே 42, 35 என்று எழுதிய இரண்டு விடைகள் விழுந்துவிடும். ஐந்தாம் கட்டத்தில் 20 இருக்க வேண்டும் என்பது மூன்றாவதையும் வீழ்த்தும். மீதி நான்கு எண்களை எழுதவே தேவையில்லை. வலது கோடியிலிருந்து நிரப்புவதன் லாபம் இங்கேதான்.

எழுதிய விடையைச் சரிபார்க்க இலைகள் உதவும். துண்டு ஓரெழுத்தில் முடியும் இடமெல்லாம் ஓர் இலை. மூன்று வரிசைகளிலும் இலைகள் ஒரே முறையில்தான் வரும். முதல் கணக்கில் க, த, ர, வ ஆகியவை இலைகள். விடையில் வ-வுக்குப் பின் ர வந்திருந்தால் எங்கோ பக்கம் மாறியிருக்கிறது. ஆனால் இது இலைகளுக்கு மட்டுமான சோதனை. ட-வும் ச-வும் இடம் மாறினால் இதில் சிக்காது.

கேள்வியே தப்பாக அச்சாகியிருந்தால் அதுவும் வழியிலேயே தெரிந்துவிடும். பிரீஆர்டர் ‘க ச ட’, இன்ஆர்டர் ‘ட க ச’ என்றால், இடக்கிளையில் ட மட்டுமே இருக்க வேண்டும். பிரீஆர்டரில் க-வை அடுத்து நிற்பதோ ச. அப்படி ஒரு மரமே கிடையாது. இரு துண்டுகளிலும் ஒரே எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்தபடி நகர்ந்தால் போதும்.

கணுக்களின் மதிப்பு திரும்ப வரும் கணக்கில் இந்த முறை நின்றுவிடும். மரம் வரைபவருக்கும் அதே கதிதான். பிரீஆர்டர் ‘க க ச’, இன்ஆர்டரும் ‘க க ச’ என்று கொடுத்தால், இன்ஆர்டரின் முதல் க வேரா, இரண்டாவது க வேரா என்று சொல்ல வழியில்லை. முதலாவது என்றால் போஸ்ட்ஆர்டர் ‘ச க க’. இரண்டாவது என்றால் ‘க ச க’. இரண்டுமே சரி.